தேன்பெட்டியும் நடுவில் விட்டுப்போன மாதங்களும்

அன்புள்ள சாருக்கு,

குலசேகரம் பக்கம் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கணவரை இழந்த 40 பெண்களுக்கு ஆளுக்கு 5 தேன்பெட்டி கொடுக்கும் திட்டம் ஒன்றை எழுதி அனுப்பினோம். ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். திட்டம் எந்த வழியில் மாற்றத்தைக் கொண்டுவரும் என்று விளக்கும் தியரி ஆஃப் சேஞ்ச் பகுதியில் எழுதியது இவ்வளவுதான்: "பயிற்சியும் பெட்டிகளும் வழங்குவதன் மூலம் பெண்களின் வருமானம் உயரும். அதன் வழியாகக் குடும்பத்தில் முடிவெடுக்கும் உரிமை கிடைத்து அவர்கள் அதிகாரம் பெறுவார்கள்." காரண காரியப் படிகளும் அனுமானங்களும் தெளிவாக இல்லை என்று நிதி தருபவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்புக்குறி போட்ட படமும் கேட்கிறார்கள். இதற்கு மேல் என்ன எழுதுவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

படத்தைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம். முதலில் கடைசி வரியிலிருந்து பின்னோக்கி நடந்து வாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்வி: இது நடக்க வேண்டுமென்றால், இதற்குச் சற்று முன் யார், என்ன செய்திருக்க வேண்டும்?

முடிவெடுக்கும் உரிமை என்றால் எந்த முடிவு? மகளைக் கல்லூரிக்கு அனுப்புவதா, நகையை அடகு வைப்பதா, வீட்டுக் கூரையை மாற்றுவதா? இப்போது அதையெல்லாம் கொழுந்தனோ மூத்த மகனோ முடிவு செய்கிறார் என்றால், அந்தப் பெண் தன் பேச்சை ஏற்கவைப்பதற்கு முன் தேன் விற்ற பணம் அவள் கையில் இருக்க வேண்டும். அதற்கு அவளே விற்றிருக்க வேண்டும், அல்லது அவள் பெயரில் உள்ள கணக்குக்குப் பணம் வந்திருக்க வேண்டும். அதற்கு முன் தேன் எடுத்திருக்க வேண்டும். தேன் எடுக்க, பிப்ரவரி பிறக்கும்போது பெட்டிக்குள் பலமான தேனீக் கூட்டம் இருக்க வேண்டும். அங்கே வந்து நில்லுங்கள். உங்கள் திட்டம் உடைவது அங்கேதான்.

நம்மூரில் தேன் பெரும்பாலும் ரப்பரிலிருந்து வருகிறது, அதுவும் பூவிலிருந்து அல்ல. இலை உதிர்ந்து புதுத்தளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகள் சேரும் காம்பு நுனியில் உள்ள சுரப்பிகளில் தேன் ஊறும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் அந்த வரத்து. ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை தேனீக்குப் பஞ்ச காலம். அக்டோபருக்குப் பிறகு கூட்டம் மறுபடி பெருகும், அப்போதுதான் கூட்டைப் பிரித்து புதுப் பெட்டி உண்டாக்குவார்கள்.

இப்போது உங்கள் திட்டத்தை இந்த நாட்காட்டியின்மேல் வைத்துப் பாருங்கள். ஏப்ரலில் பணம் வந்து, பயிற்சி முடிந்து, மே கடைசியில் பெட்டி கைக்கு வரும். அனுபவமே இல்லாத 40 பேர், 200 பெட்டிகளோடு நேராகப் பஞ்ச காலத்துக்குள் நுழைகிறார்கள். வாரம் ஒருமுறை பெட்டிக்கு 200 கிராம் சீனியில் பாகு காய்ச்சி வைப்பதாக வைத்துக்கொள்வோம். 5 பெட்டிக்கு 16 வாரத்தில் 16 கிலோ சீனி. ஒரு ரூபாய் வரும்படி இல்லாத மாதங்களில் இதை யார் வாங்குவது? உங்கள் பட்ஜெட்டில் சீனி என்ற வரி இருக்கிறதா?

பாகு நின்றால் என்ன ஆகும் என்பது வெளியிலிருந்தே தெரியும். காலில் மகரந்தத்தோடு திரும்பும் ஈக்கள் குறையும். திறந்து பார்த்தால் புழு அடைகள் சுருங்கியிருக்கும், ராணி முட்டையிடுவதை நிறுத்தியிருக்கும், ஈ மூடாத அடையில் மெழுகுப் பூச்சி வலை கட்டியிருக்கும். பிறகு ஒருநாள் கூட்டமே பறந்துபோய்விடும். நம் இந்தியத் தேனீ அதில் கெட்டிக்காரி. ஆனால் உங்கள் அறிக்கையில் "200 பெட்டிகள் வழங்கப்பட்டன" என்ற வரி அப்படியே இருக்கும். அது பொய்யும் இல்லை.

அனுமானம் என்ற சொல்லைப் பார்த்ததும் பலர் "பெண்கள் ஆர்வத்துடன் பங்கேற்பார்கள், பருவநிலை சாதகமாக இருக்கும்" என்று ஒரு பட்டியல் போடுகிறார்கள். நான் அதை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பேன். நம் கையால் சரிசெய்யக்கூடியது முதல் வகை. அது அனுமானமே அல்ல, எழுதாமல் விட்ட வேலை. பஞ்ச கால சீனி அப்படிப்பட்டது. அதைத் தூக்கி நடவடிக்கைகளில் போடுங்கள், செலவையும் எழுதுங்கள். நம் கையில் இல்லாதது இரண்டாவது: பிப்ரவரி, மார்ச்சில் மழை பெய்து வரத்தைக் கெடுப்பது, தளிரில் சாம்பல் நோய் விழுந்து இலை கொட்டுவது, தேனீக்கு நோய் வருவது. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற தேனீ வைரஸ் பரவி மார்த்தாண்டம் பக்கத்துப் பெட்டிகள் காலியானதைப் பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். இவற்றைத் தடுக்க முடியாது, ஆனால் எந்த மாதம் எதைப் பார்த்தால் நடந்துவிட்டது என்று தெரியும், அப்போது என்ன செய்வீர்கள் என்று எழுதலாம்.

மூன்றாவது வகை, உண்மையா என்றே தெரியாதது. வருமானம் வந்தால் வீட்டில் பேச்சு எடுபடும் என்பது அதுதான். சில வீடுகளில் எடுபடும், சில வீடுகளில் அந்தப் பணமே மகன் வண்டிக்குத் தவணையாகப் போகும். இதை நடந்தே தீரும் என்று எழுதாதீர்கள். "நாங்கள் இப்படி நம்புகிறோம், இப்படிச் சோதிப்போம்" என்று எழுதுங்கள். நிதி தருபவர்கள் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தால் அவர்களுக்கும் இந்தப் பகுதி எதற்கு என்று தெரியவில்லை.

இன்னொரு படி நீங்கள் சொல்லவே இல்லை: பெட்டியை எங்கே வைப்பது? அந்தப் பெண்களுக்கு ரப்பர் தோட்டம் இருக்காது. நம் தேனீ வெகுதூரம் பறக்காது, எனவே தோட்டத்துக்குள்ளோ ஓரத்திலோ வைத்தாக வேண்டும். பால் வெட்டுக்காரரைக் கொட்டும் என்று உடைமையாளர் மறுக்கலாம். பேசி எழுதி வாங்கும் வேலையும் படிகளில் ஒன்றுதான்.

நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்:

"ஜூன் முதல் செப்டம்பர் வரை பெண்கள் எங்கள் மாதிரிப் பெட்டிகளில் பஞ்ச காலப் பராமரிப்பைக் கற்பார்கள். இதே மாதங்களில் தோட்ட உடைமையாளர்களிடம் இடத்துக்கு ஒப்புதல் பெறுவோம். நவம்பரில் ஆளுக்கு 2 பெட்டி பெற்று, கூட்டத்தைப் பெருக்கி, பிப்ரவரிக்குள் தோட்டத்தில் வைப்பார்கள். தளிர் காலத்தில் கடும் மழையோ சாம்பல் நோயோ இல்லையென்றால் ஏப்ரலுக்குள் தேன் எடுப்பார்கள். தேனை அவரவர் பெயரில் எடைபோட்டு, அவரவர் கணக்கில் பணம் செலுத்துவோம். அடுத்த பஞ்ச காலச் சீனிக்கு அதிலிருந்து ஒரு பங்கை அவர்களே ஒதுக்குவார்கள் என்று எதிர்பார்க்கிறோம். செப்டம்பர் முடிவில் உயிரோடு இருக்கும் பெட்டிகளின் எண்ணிக்கையே இதற்குச் சான்று. சொந்த வருமானம் உள்ள பெண்ணின் பேச்சு கடன், பிள்ளைகளின் படிப்பு ஆகிய இரண்டு முடிவுகளிலாவது எடுபடும் என்று கருதுகிறோம். தொடக்கத்திலும் முடிவிலும் தனித்தனியாகக் கேட்டு இதைச் சோதிப்போம்."

உங்கள் இரண்டு வாக்கியம் ஒன்பது வாக்கியமாகிவிட்டது. கூடவே திட்டமும் மாறிவிட்டது, கவனித்தீர்களா? 5 பெட்டி 2 ஆனது. ஓராண்டு போதாது, ஜூனில் தொடங்கி அடுத்த ஆண்டு செப்டம்பர் வரை 16 மாதம் வேண்டும். மார்ச்சில் கணக்கை மூடினால் தேன் வழியும் நேரத்தில் படம் எடுத்து அறிக்கை முடிந்துவிடும், பெட்டி பிழைத்ததா என்று பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். 16 மாதத்துக்குப் பணம் தர மறுத்தால் 40 பேரை 25 ஆக்கிக் கேளுங்கள். காலத்தை மட்டும் குறைக்காதீர்கள்.

படம் போடும்போது அனுமானங்களைத் தனிக் கட்டத்தில் ஓரமாக ஒதுக்க வேண்டாம். எந்த அம்பு அதை நம்பியிருக்கிறதோ அந்த அம்பின்மேல் எண் போட்டு, கீழே ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரி எழுதுங்கள். எண்ணே இல்லாத அம்பு எதுவும் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன்.