செயலி காட்டுகிறது என்பதற்காக அது உங்களுடைய பாட்டு ஆகிவிடாது: வணிக ரீல்கள் குறித்த வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், வணிக ரீலில் பிறர் பாட்டைப் போடலாமா என்ற ஒரே கேள்விதான், வேறு வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது.

பாட்டை 15 விநாடிக்குள் நிறுத்திக்கொண்டால் உரிமம் தேவையில்லையாமே?

தேவை. அப்படி ஒரு விநாடிக் கணக்கு கிடையாது.

கேப்ஷனில் இசையமைப்பாளர் பெயரைப் போட்டு, ‘உரிமை அவருக்கே’ என்று எழுதிவிட்டால்?

அனுமதி வாங்கவில்லை என்பதை நீங்களே எழுதிக் கொடுத்ததாகும். வேறு பயன் இல்லை.

என் வணிகக் கணக்கில் ஹிட் பாடல்கள் தேடினாலும் வருவதில்லை. நண்பரின் தனிக்கணக்கில் எல்லாம் வருகிறது. நானும் தனிக்கணக்குக்கு மாறிவிடலாமா?

மாறலாம், பாடல்கள் வரும். சிக்கலும் கூடவே வரும். இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் இசை நிறுவனங்களிடம் வாங்கியிருக்கும் உரிமம், மக்கள் தங்கள் சொந்த மகிழ்ச்சிக்குப் போடும் வீடியோக்களுக்கானது. பொருளோ சேவையோ விற்கும் வீடியோ அதற்குள் அடங்காது. கணக்கின் வகை ஒரு வேலி மட்டுமே. வேலியைத் தாண்டிக் குதித்துவிட்டதால் நிலம் உங்களுடையதாகிவிடாது.

“தளமே பாட்டைக் கையில் கொடுத்ததே” என்ற வாதத்தை அமெரிக்காவில் பாங் எனர்ஜி என்ற பான நிறுவனம் நீதிமன்றத்தில் சொல்லிப் பார்த்துவிட்டது. யுனிவர்சல், சோனி ஆகிய இசை நிறுவனங்கள் 2021-இல் தனித்தனியே வழக்குப் போட்டன. 2022-இல் இரண்டிலும், அந்த நிறுவனமே வெளியிட்ட வீடியோக்கள் உரிமை மீறல்தான் என்று தீர்ப்பானது. ஒரு முறை சொல்லி நிறுத்தப் போவதில்லை: செயலி காட்டுவது வேறு, அனுமதி வேறு.

‘ஒரிஜினல் ஆடியோ’ என்று போட்டிருக்கும் ஒலியை வணிகக் கணக்கிலும் தேர்ந்தெடுக்க முடிகிறது. அப்படியென்றால் அது உரிமைச் சிக்கல் இல்லாததுதானே?

இந்த இரண்டு சொற்கள் கெடுத்த அளவுக்கு வேறு எதுவும் சிறு வணிகர்களைக் கெடுத்ததில்லை. யாராவது தன் வீடியோவைச் செயலியின் இசை நூலகத்திலிருந்து பாட்டு சேர்க்காமல் ஏற்றினால், அதிலுள்ள ஒலிக்குச் செயலி தானாக ஒட்டும் பெயர் அது. ‘இந்த ஒலி இந்த வீடியோவுடன் வந்தது’ என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. ஏற்றியவர்தான் அதை உருவாக்கினார் என்று எவரும் சரிபார்த்துச் சான்று கொடுப்பதில்லை.

நடப்பது இதுதான். ஒருவர் ஹிட் பாடலின் 20 விநாடியைச் சற்று வேகமாக்கி, தன் வீடியோவின் அடியில் வைத்து ஏற்றுகிறார். அது ஒரிஜினல் ஆடியோ ஆகிறது. ஆயிரக்கணக்கானோர் எடுத்தாள, பெயருக்குப் பக்கத்தில் டிரெண்டிங் என்று காட்டும் மேல்நோக்கிய அம்பு முளைக்கிறது. வணிகக் கணக்குக்காரர் அம்பைப் பார்க்கிறார், பாட்டைப் பார்ப்பதில்லை. அந்தப் பாட்டிலோ இரண்டு உரிமைகள் இருக்கின்றன: மெட்டும் வரியும் ஒன்று, ஒலிப்பதிவு மற்றொன்று. வேகத்தைக் கூட்டினாலும் சுருதியை மாற்றினாலும் இரண்டும் அப்படியே இருக்கும். வேறு ஒருவர் பாடிய கவர் என்றால் ஒலிப்பதிவு அவருடையதாக இருக்கலாம், மெட்டு அப்போதும் பழைய உரிமையாளருடையதே.

ஆகவே ஆடியோ பக்கத்தைத் திறந்து முதலில் ஏற்றியவர் யார் என்று பாருங்கள். பின்னணியில் இசை கேட்டால் விட்டுவிடுங்கள். வெறும் பேச்சாக இருந்தால் பேசியவரிடம் செய்தி அனுப்பி, வணிகப் பயன்பாட்டுக்கு என்று தெளிவாகச் சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். திரைப்பட வசனம் என்றால் ஏற்றியவரின் ஒப்புதலுக்கு மதிப்பில்லை, அவருக்கே அது சொந்தமில்லை. இதை எத்தனை முறை எழுதினாலும் அடுத்த மாதம் இதே கேள்வி வரும் என்று தெரியும்.

நாங்கள் பழைய மரச்சாமான்களைப் புதுப்பிக்கிறோம். ஒரு ஹிட் பாடலுக்குப் போட்ட ‘முன்பு–பின்பு’ ரீலை ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். பணம் கட்டி விளம்பரமாக்க பூஸ்ட் செய்யப் போனால், உரிமையுள்ள இசை இருப்பதாக மறுக்கிறது. என்ன செய்வது?

நல்ல கேள்வி, விவரத்தோடு கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ரீலை ஓடவைத்தது பாட்டு மட்டுமல்ல. பழைய நாற்காலியைக் காட்டிக்கொண்டே வந்து, தாளம் உடையும் கணத்தில் புதியதைக் காட்டினீர்களே, அந்த வெட்டும்தான். அந்த உத்தி எவருக்கும் தனிச்சொத்து இல்லை. அதை வைத்துக்கொண்டு ஒலியை மாற்றுங்கள்.

இசை சேர்க்காத மூல வீடியோவை எடுங்கள். தரவிறக்கிய ரீலில் குரலும் பாட்டும் கலந்திருக்கும், அது உதவாது. பிறகு மெட்டா வணிகப் பயன்பாட்டுக்கும் தரும் இசைத் தொகுப்பான சவுண்ட் கலெக்‌ஷனில் வகை, மனநிலை ஆகியவற்றால் வடிகட்டித் தேடுங்கள். பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. தேடும்போது வேகத்தைக் கவனியுங்கள். உங்கள் பழைய பாட்டு நிமிடத்துக்கு 120 தட்டு என்று வைத்துக்கொள்வோம். தட்டுக்கு அரை விநாடி. 16 தட்டு முடிந்து 8-வது விநாடியில் நாற்காலி மாறுகிறது. 100 தட்டு இசையை எடுத்தால் அதே 16 தட்டுக்கு 9.6 விநாடி ஆகும். வெட்டு 1.6 விநாடி முந்திக்கொள்ளும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ இடிக்கிறது என்று மட்டும் தோன்றும். ஆகவே 120-ஐ ஒட்டிய இசையைத் தேர்ந்தெடுங்கள், அல்லது காட்சிகளை நீட்டுங்கள்.

புதிய ரீலை ஏற்றியதும் பழையதை நீக்கிவிடுங்கள். இரண்டு லட்சம் போய்விடுமே என்று மனம் கேட்காது, தெரியும். அது இருக்கும்வரை பாட்டின் உரிமையாளரிடமிருந்து கோரிக்கை வரும் வாய்ப்பும் இருக்கும். இன்னொன்று: சவுண்ட் கலெக்‌ஷன் இசை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற மெட்டா தளங்களுக்கு மட்டுமே. அதே கோப்பை யூடியூபில் போடாதீர்கள். அங்கே யூடியூபின் ஆடியோ நூலகம் இருக்கிறது. டிக்டாக்குக்கும் வணிகத்துக்கென்றே தனி இசை நூலகம் உண்டு. ஒரு தளத்தின் அனுமதி அடுத்த தளத்துக்குச் செல்லாது.

என் ரீலில் சத்தம் போய்விட்டது. ஏன்?

எந்தத் தளம், எந்தக் கணக்கு, என்ன பாட்டு, எதுவும் எழுதவில்லை. அண்மையில் தனிக்கணக்கிலிருந்து வணிகக் கணக்குக்கு மாறியிருந்தால் அதுவே காரணமாகலாம். மற்றபடி, செயலி அனுப்பிய அறிவிப்பைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

பாட்டைப் போட்டது நாங்கள் இல்லை, நாங்கள் பணம் கொடுத்த இன்ஃப்ளூயன்சர். பொறுப்பு அவருடையதுதானே?

பணம் கொடுத்தீர்கள் அல்லவா, அப்போது அது விளம்பரம். மேலே சொன்ன வழக்குகளில் இன்ஃப்ளூயன்சர் வீடியோக்களையும் புகாரில் சேர்த்திருந்தார்கள். ஒப்பந்தத்தில் ‘வணிகப் பயன்பாட்டுக்கு உரிமமுள்ள இசை மட்டுமே’ என்று ஒரு வரி சேர்த்து, வெளியிடும் முன் வீடியோவை நீங்களே கேளுங்கள்.

பல் மருத்துவமனை நடத்துகிறோம். ஒருவர் அலறும் ஆடியோ இப்போது டிரெண்டிங். உரிமை வாங்கிவிட்டால் போடலாமா?

உரிமை கிடைத்தாலும் வேண்டாம். நாற்காலியில் உட்காரவே பயப்படுபவர்தான் உங்கள் வாடிக்கையாளர். அவர் காதில் அலறலை ஊற்றுவது யாருக்கு வேடிக்கை? அந்த அலறல் எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். மூல வீடியோவில் ஒரு மனிதர் உண்மையிலேயே விபத்தில் சிக்கி அலறியிருக்கலாம். ஆடியோ பக்கத்தில் முதல் பத்துப் பன்னிரண்டு ரீல்களையும் அவற்றின் கருத்துகளையும் படித்தால், மக்கள் அதை எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்று புரிந்துவிடும். மொழி தெரியாத பாடலென்றால் வரிகளின் பொருளைத் தெரிந்தவரிடம் கேளுங்கள். பிரிவுத் துயரப் பாட்டுக்கு அறிமுகச் சலுகை அறிவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு ஏற்றது மருத்துவரின் சொந்தக் குரல். “வலிக்குமா?” என்று நோயாளிகள் கேட்பதற்கு அவர் சொல்லும் பதிலை 20 விநாடியில் பதியுங்கள். அடியில் மெல்லிய இசை போதும், பேச்சை அமுக்காத அளவுக்கு. அந்தக் குரலுக்கு ‘ஒரிஜினல் ஆடியோ’ என்ற பெயர் முழுதாகப் பொருந்தும்.