பாபிலோனின் குழந்தைகள்: ஒரு தாய்க்கு எழுதவேண்டிய கடிதம்

பெங்களூரு தமிழ்ச் சபை ஒன்றில் பல காலம் ஓய்வுநாள் பள்ளி நடத்தியவரிடம் 137ஆம் சங்கீதத்தைப் பற்றிக் கேட்டவையும் அவர் எழுதிய பதில்களும்.

லிங்கராஜபுரத்திலிருந்து ஒரு ஆசிரியை: அக்கா, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 137ஆம் சங்கீதத்தின் முதல் நான்கு வசனங்களை மனப்பாடத்துக்குக் கொடுத்தேன். ஒரு பையன் வீட்டில் கடைசிவரை வாசித்துவிட்டு, "பாப்பாவைக் கல்லுல அடிச்சா கர்த்தர் ஆசீர்வதிப்பாரா?" என்று கேட்டிருக்கிறான். அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. "இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறீங்களா?" என்று அவன் அம்மா வாட்ஸ்அப்பில் கேட்கிறார். நான் என்ன எழுதட்டும்?

வகுப்புக் குரூப்பில் எதுவும் போடவேண்டாம்மா. அவருக்கு மட்டும், ஒரு பக்கத்துக்குள் கடிதமாக எழுதிக் கையில் கொடுங்கள். "தேவனுடைய நீதி" என்று ஆரம்பித்தால் அந்த அம்மா இரண்டாவது வரியைத் தாண்டமாட்டார். வசனம் பயங்கரமானது என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். அப்புறம் பேசுவது யார், அவர்களுக்கு என்ன நடந்தது, அதன்பின் என்ன செய்தார்கள் என்று போங்கள். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"அன்புள்ள சகோதரிக்கு, ஸ்தோத்திரம்.

உங்கள் மகன் கேட்டது நல்ல கேள்வி. 'உன் குழந்தைகளைப் பிடித்து, கல்லின்மேல் மோதியடிக்கிறவன் பாக்கியவான்' என்று வாசித்து உங்களுக்கு நெஞ்சு பதறியிருந்தால், பதறத்தான் வேண்டும். மகனிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்: குழந்தைகளைக் கொல்லும்படி கர்த்தர் இங்கே யாருக்கும் கட்டளை கொடுக்கவில்லை. இந்த வசனத்தில் பேசுவது மனிதர்கள். எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்கள், கர்த்தரிடம் கதறுகிறார்கள்.

பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை ஏறக்குறைய ஒன்றரை வருஷம் முற்றுகை போட்டது. ஊருக்குள் சாப்பாடு தீர்ந்துபோனது. பிள்ளைகள் 'தானியமும் திராட்சரசமும் எங்கே' என்று கேட்டுக்கொண்டே தாயின் மடியில் உயிரை விட்டதைப் புலம்பல் 2ஆம் அதிகாரத்தில் வாசிக்கலாம். கி.மு. 587 அல்லது 586இல் மதில் உடைந்தது. சிதேக்கியா ராஜாவின் மகன்களை அவன் கண்முன்னே வெட்டிவிட்டு, அப்புறம் அவன் கண்களைக் குருடாக்கி, விலங்கு போட்டுக் கொண்டுபோனார்கள். ஆலயத்தையும் வீடுகளையும் கொளுத்தினார்கள். மிஞ்சியவர்களில் பெரும்பாலோரைச் சிறைபிடித்துக்கொண்டு போனார்கள்.

அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களின் பாட்டுதான் இது. மூன்றாம் வசனத்தைப் பாருங்கள். ஊரை அழித்தவர்களே எதிரில் நின்று, 'உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடுங்கள்' என்கிறார்கள். எட்டாம் வசனத்தில் 'நீ எங்களுக்குச் செய்தபடி' என்று வருகிறது. ஒன்பதாம் வசனத்தை அதோடு சேர்த்து வாசிக்கவேண்டும். அந்தக் காலத்துப் படைகள் பிடித்த ஊர்களில் குழந்தைகளை இப்படிக் கொன்றதை நாகூம் 3:10லும் பார்க்கலாம். 'எங்களுக்குச் செய்தபடி' என்று சொல்கிறவர்கள், தங்கள் பிள்ளைகளுக்கு நடந்ததைத் திருப்பிச் சொல்கிறார்கள்.

வீடு அழிந்த ஒரு தாய் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அல்லது கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த வாயிலிருந்து வருவதை நாம் சட்டமாக எடுத்துக்கொள்வதில்லை. அதற்காக அவளை வாயை மூடச் சொல்வதும் இல்லை. இந்தச் சங்கீதத்தையும் நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

இவர்கள் போய் ஒரு குழந்தையையும் கொன்றதாக வேதத்தில் இல்லை. முந்தி கி.மு. 597இல் அதே பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் எரேமியா 29இல் இருக்கிறது. அங்கே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று கர்த்தர் சொல்கிறார். மகனுக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ஒன்று, அழுகிறவர்கள் கர்த்தரிடம் சொன்னது. மற்றது, கர்த்தர் அவர்களிடம் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான் வகுப்பறையில்தான் இருப்பேன். அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்."

இவ்வளவு போதும். தாய்மாரே பிள்ளைகளைச் சமைத்ததைச் சொல்லும் புலம்பல் 4:10ஐ இதில் சேர்க்காதீர்கள். முற்றுகையின் கொடுமைக்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது, ஆனால் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாசிக்கிறவருக்கு அது வேண்டாம். கடிதம் பலித்ததா என்பதை ஞாயிற்றுக்கிழமை பையனிடமே தெரிந்துகொள்ளலாம். "யார் இதைப் பாடினாங்க, அவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். அவன் தன் வாயால் சொல்லிவிட்டால் அம்மாவுக்குப் புரிந்திருக்கிறது என்று அர்த்தம். "அது கெட்ட வசனம், வாசிக்கக்கூடாதாம்" என்றால் இன்னொரு முறை உட்கார்ந்து பேசவேண்டும். அடுத்த தடவை மனப்பாடத்துக்குப் பாதிச் சங்கீதம் கொடுத்தால் மீதியையும் வகுப்பிலேயே வாசித்து விளக்கிவிடுங்கள். பிள்ளைகள் கோடு போட்ட இடத்தில் நிறுத்துவதில்லை.

அல்சூரிலிருந்து ஒரு சகோதரர்: இவ்வளவு சரித்திரம் எதற்கு? குழந்தைகள் என்றால் நமக்குள் முளைக்கிற பாவ எண்ணங்கள், கல் என்றால் கிறிஸ்து. பெரிதாக வளருமுன் மோதியடிக்கவேண்டும். எங்கள் பாஸ்டர் அப்படித்தான் பிரசங்கம் பண்ணினார்.

உங்கள் பாஸ்டர் புதிதாக எதையும் சொல்லவில்லை, பிரதர். ஓரிகனும் அகஸ்தீனும் சொன்ன பழைய விளக்கம் அது. கன்மலை கிறிஸ்துவே என்று 1 கொரிந்தியர் 10:4இல் பவுல் சொல்வதும் அதற்குத் துணை நிற்கிறது. பெரியவர்கள் தங்களைச் சோதித்துப் பார்க்க நல்ல தியானம்தான். ஆனால் அந்தத் தாய் கேட்டது வேறு. பத்து வயதுப் பையன் கண்ணில் பட்டது நிஜக் குழந்தை, நிஜக் கல். அவனிடம் "இது எண்ணங்களைப் பற்றி" என்றால், பெரியவர்கள் மழுப்புகிறார்கள் என்றுதான் நினைப்பான். எருசலேமில் செத்துப்போன பிள்ளைகளும் அந்த விளக்கத்தில் காணாமல் போகிறார்கள். முதலில் நடந்ததைச் சொல்லுங்கள். தியானம் அப்புறம் வரட்டும்.

காக்ஸ் டவுனிலிருந்து ஒரு தாய்: அப்போ பிள்ளைகளை அடிக்கவே கூடாதா ஆன்ட்டி? பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான் என்று இருக்கிறதே?

அது நீதிமொழிகள் 13:24மா. சொந்தப் பிள்ளையை வளர்ப்பதைப் பற்றியது. சங்கீதத்தில் வருகிறது போரில் எதிரியின் பிள்ளை. இரண்டையும் முடிச்சுப் போடவேண்டாம். பிரம்பைப் பற்றித் தனியாக எழுதிக் கேளுங்கள், சொல்கிறேன்.

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒருவர்: 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தில் எங்கள் கடை எரிந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா சில மாதங்கள் குடும்ப ஜெபத்தில் இந்தச் சங்கீதத்தையே, கடைசி வசனம் உட்பட, சத்தமாக வாசிப்பார். எனக்குப் பயமாக இருக்கும். அப்பா பக்கத்து வீட்டுக்காரர்களைச் சபிக்கிறார் என்று நினைத்தேன். இப்போது அவர் இல்லை. அது பாவமா அக்கா?

இல்லை தம்பி. உங்கள் அப்பா சரியான இடத்தில்தான் அதைச் சொல்லியிருக்கிறார். அந்தக் கோபத்தைத் தெருவில் கொட்டியிருக்கலாம், பதிலுக்கு ஒரு கடையைக் கொளுத்தியிருக்கலாம், அல்லது உள்ளேயே வைத்து உங்கள்மேல் காட்டியிருக்கலாம். அவர் அதைக் கர்த்தர் முன்னால் வைத்து வாசித்தார். பழிவாங்கும் வேலையைத் தன் கையில் எடுக்காமல் அவரிடம் ஒப்படைக்கிறவர்களின் ஜெபம் இது.

கத்தோலிக்கச் சபையின் தினசரி செபப் புத்தகத்தில் 1971 முதல் இந்தச் சங்கீதத்தின் கடைசி மூன்று வசனங்கள் இல்லை. வேதாகமத்திலிருந்து எடுக்கவில்லை, பொதுவாகச் சேர்ந்து ஜெபிக்கும்போது மட்டும் விட்டுவிடுகிறார்கள். ஏன் விட்டார்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் அப்பாவைப் போன்றவர்கள் அந்த மூன்று வசனங்களையும் தேடித்தான் இந்தச் சங்கீதத்துக்கு வருகிறார்கள்.

அவர் உங்களிடம் ஒன்றைச் சொல்லியிருக்கலாம்: "இது பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லடா." பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைத் தானாகப் புரிந்துகொள்ளாது. சத்தமாக வாசிக்கிற வீடுகளில் பெரியவர்கள் கூட உட்கார்ந்து யார் பாட்டு, யாரைப் பற்றி என்று சொல்லிவிடவேண்டும்.

ஃபிரேசர் டவுனிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: "கர்த்தர் இங்கே கட்டளை கொடுக்கவில்லை" என்று கடிதத்தில் எழுதச் சொல்கிறீர்கள். சரி. 1 சாமுவேல் 15:3இல் அமலேக்கியரின் குழந்தைகளையும் கொல்லச் சொல்லி நேரடியாகக் கட்டளை இருக்கிறதே? அந்த அம்மா அதையும் வாசித்தால்?

அதனால்தான் "இங்கே" என்று போட்டேன். அந்தச் சொல்லைத் தவறியும் எடுத்துவிடவேண்டாம் என்று மேலே கேட்ட ஆசிரியைக்கும் சொல்லிக்கொள்கிறேன். சங்கீதத்துக்குத் திறக்கிற சாவி சாமுவேலுக்குத் திறக்காது. அங்கே பேசுவது பறிகொடுத்தவர்கள் இல்லை. சாமுவேல் தீர்க்கதரிசி, கர்த்தர் சொல்கிறார் என்று சொல்லியே பேசுகிறார்.

சிலர் அதை அக்காலத்துப் போர்ப் பேச்சு, ஒருவரையும் விடாமல் அழித்ததாகப் பெரிதுபடுத்திச் சொல்வது என்பார்கள். அதற்கு ஆதாரமாக, அதே புத்தகத்தின் 30ஆம் அதிகாரத்தில் அமலேக்கியர் திரும்பவும் வந்து சிக்லாகைச் சுட்டெரிப்பதைக் காட்டுவார்கள். வேறு சிலர், அது பல தலைமுறைப் பாவத்துக்கு வந்த நியாயத்தீர்ப்பு, ஒரு தடவைக்கு மட்டும் உரியது என்பார்கள். முதல் விளக்கம் எண்ணிக்கையைக் குறைக்கிறது, கட்டளையைத் தொடவில்லை. இரண்டாவது, கைக்குழந்தை என்ன பாவம் செய்தது என்பதற்குப் பதில் சொல்லவில்லை. இரண்டிலும் எனக்கு நிறைவு இல்லை.

எனக்குக் கைப்பிடியாக இருப்பது லூக்கா 19. இயேசு எருசலேமைப் பார்த்து, உன்னையும் உன் பிள்ளைகளையும் தரையாக்கிப்போடும் நாள் வரும் என்கிறார். சொல்வதற்கு முன்னால் அழுகிறார். சாமுவேல் வசனத்துக்கு அது விளக்கம் இல்லை, தெரியும். அந்த அம்மா அங்கே வந்து நின்றால் கடிதம் எழுதவேண்டாம். ஆசிரியையும் ஆயரும் சேர்ந்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசவேண்டிய விஷயம் அது. தெரியாததைத் தெரியாது என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். நீங்களும் வேறு விளக்கம் கேட்டிருந்தால் எழுதுங்கள்மா, வாசிக்கிறேன்.