காளமேகத்தின் சத்திர வசையில் சிரிப்பு எங்கிருந்து வருகிறது?

"நாகைக் காத்தான் சத்திரத்தைக் காளமேகம் கேலி செய்யும் வெண்பாவுக்கு மூன்று நகைச்சுவைக் கோட்பாடுகளில் எது பொருந்தும்? ஒன்றைத்தான் எழுத வேண்டுமா?"

உயர்வுணர்வு, பொருந்தாமை, விடுபடல் என்ற மூன்றும் பொருந்தும், ஆனால் வேலை வேறு வேறு. "இந்தச் சத்திரத்தில் சாப்பாடு தாமதம்" என்று எழுதிப் பாருங்கள். காத்தானை மட்டம் தட்டியாயிற்று, ஆனால் சிரிப்பு வரவில்லை. பிறர் தாழ்வில் நம் உயர்வைக் கண்டு சிரிக்கிறோம் என்று தத்துவவாதி ஹாப்ஸ் 1651இல் சொன்ன உயர்வுணர்வு மட்டும் போதாது என்பதற்கு இதுவே சான்று.

பாட்டின் நேரக்கணக்கைக் கவனியுங்கள். பொழுது சாயும்போது அரிசி வருகிறது, அதைக் குத்தி உலையில் இடும்போது ஊர் அடங்குகிறது, ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி எழுகிறது. முதல் இரண்டும் நம்பக்கூடியவை. மூன்றாவதில் ஓர் அகப்பைக்கு வானத்து வெள்ளியே அளவுகோலாகிவிடுகிறது. இந்தப் பொருந்தாமைதான் சிரிப்பைக் கிளப்புகிறது. "வெள்ளி எழும்" என்பதை முதல் அடிக்கு மாற்றினால் நகைச்சுவை செத்துவிடும்.

விடுபடல் கோட்பாடு கேட்பவரைப் பற்றியது. சத்திரத்தில் உண்பவர் அன்னமிடுபவரைத் திட்ட முடியாது. அடக்கிய அந்தக் கோபம் வெண்பா என்ற நாகரிக வடிவில் வெளியேற வழி கிடைக்கிறது. உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்ட் 1905இல் விளக்கியது இதைத்தான்.

இதே பாட்டுக்குப் புகழ்ச்சிப் பொருளும் சொல்வார்கள்: பஞ்சத்திலும் அரிசி வரும், ஊர்ப்பசி அடங்கும், சோறு வெள்ளிபோல் வெளுத்திருக்கும். சொற்கள் மாறவில்லை. இலக்கும் பகையும் போனதும் சிரிப்பு போய் வியப்பு மட்டும் மிஞ்சுகிறது. உங்கள் கட்டுரையை இந்த ஒப்பீட்டிலிருந்தே தொடங்கலாம்.