வெளுத்துப்போன வானம், LUT-க்கு முன்னால் ஒரு நோட்

"பொள்ளாச்சி தோப்பில் லாக்கில் எடுத்த கல்யாண வீடியோ, ரிசால்வில் Gain எவ்வளவு குறைத்தாலும் வானம் சாம்பலாகத்தான் ஆகிறது, மேகம் வரவில்லை."

LUT-க்கு முன்னால் ஒரு நோட் போட்டு அங்கே குறையுங்க. LUT இருக்கும் நோடில் நின்று Shift+S அழுத்தினால் போதும்.

நீங்க LUT-க்குப் பின்னால் குறைக்கிறீங்கன்னு நினைக்கிறேன். ரிசால்வ் உச்சிக்கு மேலே போன வெளிச்சத்தையும் நோடுக்கு நோடு கடத்தும், ஆனால் பெரும்பாலான LUT அதை வெட்டிவிடும். வெட்டியதைப் பிறகு இறக்கினால் வெள்ளை சாம்பலாகும், அவ்வளவுதான்.

முதலில் LUT-ஐ அணைத்து, Waveform-ஐப் பார்த்துக்கொண்டே Gain-ஐ இறக்குங்க. மேலே ஒட்டியிருக்கும் கோடு மேடுபள்ளமாக விரிந்தால் மேகம் உள்ளே இருக்கிறது. சப்பைக் கோடாகவே இறங்கினால் கேமராவிலேயே போய்விட்டது. விரிந்தால் Gain-ஐப் பழையபடி வைத்து, Highlights-ஐ மட்டும் மெதுவாக இறக்குங்க, இல்லையென்றால் மாப்பிள்ளை முகமும் சேர்ந்து இருண்டுவிடும்.

அப்புறம், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றிரண்டு மட்டும் வெட்டுப்பட்டிருந்தால் மேகம் வந்தாலும் ஓரத்தில் இளஞ்சிவப்போ பச்சையோ அடிக்கும். அந்த இடத்தில் நிறச்செறிவைக் குறைங்க. தென்னங்கீற்று இடுக்கில் தெரியும் வானத்துக்கு நான் இதற்கு மேல் மெனக்கெடுவதில்லை.