ஒத்திகை அறிக்கையில் “14 நிமிடம்” என்றால் எது 14 நிமிடம்? – கேள்வி பதில்

கட்டட மேலாளர், கோவை: சார், போன மாச ஃபயர் ட்ரில்லுக்கு எட்டு மாடி வார்டன்களும் ஆளுக்கொரு அறிக்கை கொடுத்திருக்காங்க. ஒருத்தர் 9 நிமிஷம்ங்கிறார், இன்னொருத்தர் 14ங்கிறார். நிர்வாகத்துக்கு ஒரே பக்கத்தில் நேரம், பிரச்சினை, திருத்தம்னு கொடுக்கணும். நான் எதை எழுதட்டும்?

இரண்டுமே சரியாக இருக்கலாம். ஒருவர் கடைசி ஆள் வாசலைத் தாண்டிய நேரத்தைச் சொல்கிறார், இன்னொருவர் கூடுமிடத்தில் தலைக்கணக்கு முடிந்த நேரத்தைச் சொல்கிறார். அறிக்கையில் இரண்டுக்கும் “மொத்த நேரம்” என்றே பெயர். அதனால் ஒரே எண்ணைத் தேடாமல் நான்கு நேரங்களைத் தேடுங்கள்: அலாரம் ஒலித்தது, முதல் ஆள் படிக்கட்டுக் கதவைத் திறந்தது, கடைசி ஆள் வெளிவாசலைத் தாண்டியது, தலைக்கணக்கு முடிந்தது.

நான் பிரித்துக் கொடுத்த ஒரு கட்டடத்தின் கணக்கைச் சொல்கிறேன். ஆறாம் மாடி வார்டன் எழுதியது இவ்வளவுதான்: “11.02க்கு அலாரம் ஒலித்தது. அனைவரும் ஒழுங்காக வெளியேறினர். படிக்கட்டில் நெரிசல். 11.16க்கு எண்ணிக்கை முடிந்தது. மொத்தம் 14 நிமிடம். ஊழியர்களுக்கு விழிப்புணர்வு தேவை.” இதைப் படித்த மேலாளர், படிக்கட்டு போதவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்.

சிசிடிவி பதிவை எடுத்துப் பார்த்தோம். ஆறாம் மாடிப் படிக்கட்டுக் கதவு முதலில் திறந்தது அலாரத்துக்கு 3 நிமிடம் 10 விநாடி கழித்து. கடைசி ஆள் வெளிவாசலைத் தாண்டியபோது 9 நிமிடம் 30 விநாடி. ஆக, நகரத் தொடங்கவே 3:10, இறங்கி வெளியே வர 6:20, எண்ணி முடிக்க 4:30. படிக்கட்டைக் குறை சொல்ல அந்த நடுப்பகுதி மட்டும்தான் இருக்கிறது. மீதி ஏழரை நிமிடத்துக்கும் மேலே அறைக்குள்ளும் கூடுமிடத்திலும் போயிருக்கிறது.

ஏன் என்று வார்டனிடமே கேட்டோம். கதவை மூடிய மீட்டிங் அறையில் ஹூட்டர் சரியாகக் கேட்கவில்லை. கேட்டவர்களும் மைக்கில் அறிவிப்பு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள். கூடுமிடத்திலோ, பார்வையாளர் பதிவேடு வரவேற்பு மேசையிலேயே கிடந்தது. யார் உள்ளே வந்தவர், யார் போனவர் என்று தெரியாமல் எண்ணிக்கை இழுத்தது. இந்த இரண்டும் அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

ஃபெசிலிட்டி எக்சிக்யூட்டிவ், சென்னை: அண்ணா, எங்க ஃபயர் அலாரம் பேனல் பதிவில் இருக்கிற அலாரம் நேரம், வார்டன் எழுதின நேரத்துக்கு மூணு நிமிஷத்துக்கு மேல முந்தி இருக்கு. வார்டன் தப்பா எழுதிட்டார்னு போட்டுடவா? அப்புறம் எக்செல்ல கழிச்சா 12:09:30 AMனு வருது.

போட வேண்டாம் தம்பி. நான் சொன்ன கட்டடத்திலும் இதே சிக்கல்தான். பேனல் கடிகாரம் 3 நிமிடம் 20 விநாடி பின்தங்கியிருந்தது, சிசிடிவி 1 நிமிடம் முந்தியிருந்தது. அந்தப் பேனல் காட்டிய 10:58:40ஐத் திருத்தினால் சரியாக 11:02:00 வந்தது. வார்டன் எழுதியது உண்மை.

ஒத்திகை நாள் காலையில், கைப்பேசியின் நேரமும் பேனல் திரையும் ஒரே படத்தில் விழும்படி ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். சிசிடிவி திரைக்கும் அப்படியே. பிறகு இந்தத் திருத்தம் போதும், அந்தக் கட்டடத்தின் 3:20, 1:00க்குப் பதில் உங்கள் வித்தியாசங்களைப் போடுங்கள் (B பேனல் நேரம், C சிசிடிவி நேரம்):

```
D2: =B2+TIME(0,3,20)
E2: =C2-TIME(0,1,0)
F2: =E2-D2
```

F2-க்கு `[m]:ss` என்ற வடிவம் கொடுங்கள், 9:30 என்று காட்டும். ஒத்திகை நடந்து பல நாளான பிறகு இப்போதைய வித்தியாசத்தை அளந்து பயன்படுத்தினால், பக்கத்தில் “பின்னர் அளந்தது” என்று எழுதிவிடுங்கள். நடுவில் யாராவது கடிகாரத்தைத் திருத்தியிருக்கலாம்.

பாதுகாப்பு மேற்பார்வையாளர், ஓசூர்: இவ்வளவு சுத்தி வளைக்க வேண்டாம் சார். இரண்டரை நிமிஷத்தில் காலி ஆகணும்னு விதி இருக்கு. ஆச்சுன்னா பாஸ், ஆகலைன்னா ஃபெயில். ஒரு கட்டம் போதும்.

இரண்டரை நிமிடம் என்ற எண் வெறும் பேச்சு அல்ல, அதற்கு வேர் உண்டு. 1911 மே மாதம் எடின்பரோவில் எம்பயர் பேலஸ் தியேட்டரில் தீப்பிடித்தது. இசைக்குழு தேசிய கீதம் வாசிக்க, அது முடிவதற்குள் பார்வையாளர்கள் வெளியேறினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அந்த இரண்டரை நிமிடம் பிறகு பிரிட்டிஷ் வழிகாட்டுதல்களில் இடம் பிடித்தது. ஆனால் அது ஒரு கூடத்திலிருந்தோ மாடியிலிருந்தோ பாதுகாப்பான படிக்கட்டு வரைக்கும் போய்ச் சேரும் கணக்கு. எட்டு மாடிக் கட்டடம் முழுவதும் தெருவுக்கு வந்து நிற்கும் கணக்கு அல்ல.

உங்கள் அறிக்கையில் ஒவ்வொரு மாடியும் காலியான நேரம் இருந்தால், அதனுடன் ஒப்பிடலாம். கட்டட மொத்த நேரத்துடன் ஒப்பிட்டால் எல்லாமே ஃபெயில்தான் ஆகும், எதைத் திருத்துவது என்று தெரியாது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர், தாம்பரம்: ஐயா, எங்க அபார்ட்மென்ட்டில் 12 நிமிஷத்தில் எல்லாரும் வந்துட்டோம், ரொம்ப நல்லா நடந்தது. ஒன்பதாம் மாடியில் முழங்கால் வலி உள்ள ஒரு அம்மா மட்டும் வரலை. அவங்களுக்கு லிஃப்ட் பயன்படுத்த அனுமதி வாங்க முடியுமா?

லிஃப்ட் பற்றித் தீயணைப்புத் துறையிடம்தான் கேட்க வேண்டும். தீ நேரத்தில் சாதாரண லிஃப்ட்டில் ஏறக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் கட்டடத்தில் புகலிடப் பகுதி இருக்கிறதா, அந்த அம்மாவை அதுவரை யார் கூட்டிப் போவது என்பதை முதலில் பேசி வையுங்கள்.

உங்கள் அறிக்கையில் எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. அன்று கட்டடத்துக்குள் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் இறங்கி வந்தார்கள்? 200 பேரில் 40 பேர் வந்து 12 நிமிடம் ஆனதற்கும், 180 பேர் வந்து 12 நிமிடம் ஆனதற்கும் ஒரே அர்த்தம் கிடையாது. நேரத்துக்குப் பக்கத்திலேயே “உள்ளே இருந்தவர் – வந்தவர்” என்று எழுதுங்கள். எண் தெரியவில்லை என்றால் “குறிக்கவில்லை” என்று எழுதுங்கள். அந்த அம்மா வராதது பிரச்சினைப் பட்டியலில் முதல் வரியாக வர வேண்டும். “மட்டும்” என்று அதை ஒதுக்காதீர்கள்.

கட்டட மேலாளர், கோவை: பிரச்சினை கட்டத்தில் ஆறு மாடிக்காரங்க ஒண்ணுமே எழுதலை. “பிரச்சினை இல்லை”ன்னு போட்டுக்கலாம்ல?

கூடாது சார். “பார்த்தேன், பிரச்சினை இல்லை” என்று ஒருவர் எழுதுவது ஒரு தகவல். எதுவும் எழுதாமல் விடுவது தகவல் இல்லை. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் அடுத்த ஒத்திகையில் ஏமாந்துபோவீர்கள்.

பிரச்சினை என்ற இடத்தில் வார்டனின் சொற்களை அப்படியே எடுத்து வையுங்கள், உங்கள் விளக்கத்தைத் தனியாக எழுதுங்கள். “நெரிசல்” என்பது அவருடைய முடிவு. அவர் கண்ணால் பார்த்தது என்ன? எந்த மாடித் திருப்பத்தில், எவ்வளவு நேரம் ஆட்கள் நகராமல் நின்றார்கள்? நாங்கள் கேட்டபோது, நாலாம் மாடியில் கீழிருந்து ஒருவர் தன் பையை எடுக்கத் திரும்பி ஏறினார் என்று தெரிந்தது. அதற்கான திருத்தமும் படிக்கட்டுக்கான திருத்தமும் வேறு வேறு.

இன்னொன்று, பழைய அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒருவர் “கதவு திறந்தே இருந்தது” என்பார், அடுத்தவர் “கதவுக்குத் தீயணைப்பான் முட்டுக் கொடுத்திருந்தார்கள்” என்பார், மூன்றாமவர் “படிக்கட்டில் புகை வர வாய்ப்பு” என்பார். மூன்றும் ஒரே கதவாக இருக்கும். கதவு எண்ணை எழுதினால்தான் அது தெரியும். உயர்மாடிக் கட்டடங்களுக்கு தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, ஒத்திகைப் பதிவுகளை மூன்று ஆண்டுகள் கட்டடத்திலேயே வைக்கச் சொல்கிறது. அதனால் பழையவை உங்கள் அலமாரியில் இருக்க வேண்டும்.

ஃபெசிலிட்டி எக்சிக்யூட்டிவ், சென்னை: திருத்தத்தில் எல்லா அறிக்கையிலும் “விழிப்புணர்வு தேவை”, “நடவடிக்கை எடுக்கப்படும்”. இதை எப்படிச் சுருக்குறது அண்ணா?

சுருக்க முடியாது, ஏனென்றால் அதில் ஒன்றும் இல்லை. அது யார் செய்வது, எந்தத் தேதிக்குள், முடிந்ததா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது என்ற மூன்றும் கிடைக்காவிட்டால் “திருத்தம் இல்லை, கேட்க வேண்டும்” என்று எழுதி வார்டனுக்கே திருப்பி அனுப்புங்கள். நீங்களாக ஒன்றை இட்டுக்கட்டி எழுத வேண்டாம். மேலாளர் அதை வார்டன் சொன்னதாக நினைத்துக்கொள்வார்.

அந்த ஆறாம் மாடிக்குக் கடைசியில் இப்படி எழுதினோம்: மீட்டிங் அறைக்குள் ஹூட்டர், பொறுப்பு மின்பிரிவு, கதவை மூடிவிட்டு உள்ளே நின்று ஒலி கேட்டுப் பார்க்க வேண்டும். பார்வையாளர் பதிவேடு, பொறுப்பு வரவேற்பில் அந்த ஷிப்டில் இருப்பவர், அடுத்த ஒத்திகையில் அது கூடுமிடத்துக்கு வந்ததா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் தேதி போட்டோம். அடுத்த முறை 3:10 குறைந்ததா என்பதுதான் சோதனை. ஹூட்டர் மாட்டிய ரசீது அதற்குச் சான்று ஆகாது.

செவிலியர் கண்காணிப்பாளர், மதுரை: நாங்கள் மருத்துவமனையில் நோயாளிகளைக் கீழே இறக்குவதில்லை. அதே மாடியில் தீத்தடுப்புக் கதவைத் தாண்டி அடுத்த பகுதிக்கு நகர்த்துகிறோம். உங்கள் நான்கு நேரங்களில் “வெளிவாசல்” எங்களுக்குப் பொருந்தாது. கடைசிப் படுக்கை கதவைத் தாண்டிய நேரம், கதவு மூடிய நேரம், இரண்டும் வேண்டும். வென்டிலேட்டர் நோயாளிக்கு எத்தனை பேர் தேவைப்பட்டார்கள் என்பதும் வேண்டும்.

மேடம் சொல்வது முழுவதும் சரி. வெளிவாசலுக்குப் பதில் அந்தக் கதவைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆள் எண்ணிக்கையை நான் யோசிக்கவில்லை. இரவு ஷிப்டில் இருப்பவர்களை வைத்து அதே ஒத்திகையை நடத்தினால் அந்த எண் மாறிவிடும், அதையும் ஷிப்ட் பெயரோடு எழுதுங்கள்.

பாதுகாப்பு மேற்பார்வையாளர், ஓசூர்: ஒண்ணு கேக்கறேன். முன்கூட்டிச் சொல்லி நடத்தின ட்ரில்லையும் சொல்லாம நடத்தினதையும் ஒரே கிராஃபில் போடலாமா?

நான் போடுவதில்லை. சொல்லி நடத்தினால் பையைக் கையில் வைத்துக்கொண்டு அலாரத்துக்குக் காத்திருப்பார்கள், நகரத் தொடங்கும் நேரம் பொய்யாகக் குறையும். இறங்கும் நேரத்தை மட்டும் ஒப்பிடலாம் என்று என்னோடு வேலை பார்த்த ஒருவர் வாதிடுவார். நடந்து இறங்கும் வேகம் அவ்வளவாக மாறாது என்பது அவர் கட்சி. ஆனால் சொல்லி நடத்தும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் படிக்கட்டுக்கு வருவதால் நெரிசல் கூடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எங்களுக்குள் இது இன்னும் முடியவில்லை. உங்களிடம் இரண்டு வகைக்கும் சிசிடிவி நேரங்கள் இருந்தால் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.