கேள்வி-பதில்: பங்கை விற்கச் சொல்லி வந்த கடிதம்

கேள்வி: அப்பா தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் கம்பனி கொடுத்த 500 பங்குகளின் சான்றிதழ் வீட்டில் இருக்கிறது. இப்போது பங்கு ஒன்றுக்கு 40 ரூபா தருவதாகச் சொல்லி, ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகமும் கையெழுத்துப் போட ஒரு படிவமும் வந்திருக்கின்றன. கம்பனியின் கணக்குப்படி பங்கின் மதிப்பு 95 ரூபா என்று மகன் சொல்கிறான். சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? – மஸ்கெலியா வாசகர்

பதில்: இன்றைக்குப் போட வேண்டாம். கடைசித் தேதியைச் சுவரில் குறித்து வையுங்கள். அதற்குள் செய்ய வேலை இருக்கிறது.

1990களில் பெருந்தோட்டக் கம்பனிகளைத் தனியாருக்கு விற்றபோது 10 சதவீதப் பங்குகள் ஊழியர்களுக்கு இலவசமாகப் பகிரப்பட்டன. உங்களிடம் இருப்பது அந்தப் பங்காகத்தான் இருக்கும். வந்திருக்கும் புத்தகம் பெரும்பாலும் 'கட்டாயக் கொள்முதல் அழைப்பு' என்ற வகை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனி ஒன்றின் வாக்குரிமையில் 30 சதவீதத்தையோ அதற்கு மேலோ ஒருவர் வாங்கிவிட்டால், மிச்சப் பங்குதாரர் எல்லோரிடமும் "உங்கள் பங்கையும் வாங்குகிறேன்" என்று அவர் கேட்டாக வேண்டும். 1995ஆம் ஆண்டின் கையகப்படுத்தல் விதிக்கோவை சொல்வது இது. விலையும் அவர் நினைத்தபடி வைக்க முடியாது. முந்தைய 12 மாதங்களில் அவரோ அவரோடு சேர்ந்தவர்களோ கொடுத்த மிகக் கூடிய விலைக்குக் குறையக் கூடாது. அந்த விலை புத்தகத்தில் இருக்கும். முதலில் அதைத் தேடுங்கள்.

கேட்பது மட்டும்தான் அவருக்குக் கட்டாயம். விற்பது உங்களுக்குக் கட்டாயமில்லை. நீங்கள் பேசாமல் இருந்தால், அடுத்த பதிலில் சொல்லும் 90 சதவீத நிலை வந்தாலொழிய, பங்கு அப்பா பெயரிலேயே இருக்கும், பங்கிலாபமும் முன்போல வரும். அதனால் முதல் வாரத்திலேயே ஒப்பமிட்டு அனுப்ப அவசரமில்லை. உங்கள் கம்பனியின் பணிப்பாளர் சபை சுயாதீன ஆலோசகர் ஒருவரின் அறிக்கையையும் தன் கருத்தையும் பங்குதாரர்களுக்கு அனுப்ப வேண்டும். அது கைக்கு வந்த பிறகே முடிவெடுங்கள். அறிக்கையில் பெரும்பாலும் ஆலோசகர் நியாயமென்று சொல்லும் விலையின் கீழ் எல்லையும் மேல் எல்லையும் இருக்கும். 40 ரூபா கீழ் எல்லையை ஒட்டி நின்றால், ஏன் என்று கேட்க உங்களுக்கு இடமிருக்கிறது.

மகன் சொன்ன 95 ரூபாவை அப்படியே நம்பிவிட வேண்டாம். தேயிலை நிற்கும் காணி கம்பனிக்குச் சொந்தமில்லை. அது ஜனவசமவிடமோ அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமோ 53 வருடக் குத்தகைக்கு எடுத்தது. குத்தகை 2045இல் முடிகிறது. ஆகவே அந்த 95 ரூபாவில் பெரும் பகுதி செடிக்கும், மரத்துக்கும், குத்தகை உரிமைக்கும் போட்ட கணக்கு. நாளைக்கு விற்றுக் காசாக்கக்கூடிய சொத்தாக அதை எண்ண முடியாது. ஓய்வு பெறும் தொழிலாளருக்குக் கொடுக்க வேண்டிய சேவைக்காலப் பணமும் கடன் பக்கத்தில் கனமாக நிற்கும். எனக்கு அந்த 95ஐ விட, கடந்த ஐந்து வருடங்களில் எத்தனை முறை பங்கிலாபம் வந்தது, எவ்வளவு வந்தது என்பதுதான் முக்கியம். இரண்டு முறை 2 ரூபா வந்திருந்தால் ஐந்து வருடத்துக்கு 4 ரூபா, அதாவது வருடத்துக்கு 80 சதம். 40 ரூபா பங்குக்கு அது 2 சதவீதம். வங்கியில் நிலையான வைப்புக்குத் தரும் வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது சந்தை விலை. அழைப்பு திறந்திருக்கும் நாட்களிலும் பங்குச் சந்தையில் வியாபாரம் நடக்கும். விலை 42 ரூபா என்று வையுங்கள். 500 பங்குக்கு 21,000 ரூபா. தரகும் வரியும் மற்றக் கட்டணங்களும் சேர்த்து 1.12 சதவீதம், 235 ரூபா 20 சதம் போனால் கையில் 20,764 ரூபா 80 சதம். அழைப்பில் கொடுத்தால் 20,000 ரூபா. அதிலும் ஏதாவது கழிப்பார்களா என்று படிவத்தின் சிறிய எழுத்துகளில் பாருங்கள். கணக்கு இதுதான்: சந்தை விலை ஏறத்தாழ 40 ரூபா 45 சதத்துக்கு மேல் நின்றால் சந்தையில் விற்பதே லாபம். cse.lk தளத்தில் அன்றாட விலையையும் கம்பனியின் அறிவித்தல்களையும் பார்க்கலாம்.

ஆனால் சந்தையில் விற்க, பங்குகளைக் கணினிக் கணக்கில் வைத்திருக்கும் மத்திய வைப்புத் திட்டத்தில் தரகர் மூலம் கணக்குத் திறந்து, சான்றிதழை அங்கே ஒப்படைத்திருக்க வேண்டும். இங்கேதான் பெயர்ப் பிரச்சினை தடுக்கும். தோட்டத்தின் செக்ரோல் பதிவில் எழுதிய பெயரே சான்றிதழில் ஏறியிருக்கும். அடையாள அட்டையில் எழுத்தும் முதலெழுத்தும் மாறியிருக்கும். பெயர் ஒத்துவராவிட்டால் படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதற்குள் கடைசித் தேதி போய்விடும். இன்றே கம்பனியின் செயலாளருக்கு, சான்றிதழ் இலக்கத்தைக் குறிப்பிட்டு, இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று காட்ட என்னென்ன தேவை என்று எழுதிக் கேளுங்கள். சமாதான நீதவான் முன் செய்த சத்தியக் கடதாசியும் பிறப்புச் சான்றிதழும் கேட்பது வழக்கம். மூலச் சான்றிதழை அனுப்பும் முன் பிரதி எடுத்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். லயத்துக்கு வந்து "நான் கையோடு காசு தருகிறேன், இந்தப் பங்கு மாற்றப் படிவத்தில் ஒப்பம் போடுங்கள்" என்று யாராவது கேட்டால் போடவே கூடாது. வெற்றுப் படிவத்தில் ஒப்பமும் மூலச் சான்றிதழும் கைமாறினால் பங்கு போனதுதான்.

கேள்வி: நான் பங்கு வைத்திருக்கும் கம்பனி, பங்குச் சந்தைப் பட்டியலிலிருந்து விலகப் போவதாகவும் பெரிய பங்குதாரர் மிச்சப் பங்குகளை வாங்கிக்கொள்வார் என்றும் அறிவித்திருக்கிறது. என்னிடம் 300 பங்குகள்தான். விற்காமல் பிடித்து வைத்தால் பின்னால் கூட்டித் தருவார்களா? – பண்டாரவளை வாசகர்

பதில்: அதை நம்பி இருக்க வேண்டாம். 300 பங்கு இல்லாவிட்டாலும் அவர் வேலை நடக்கும். மேலே மஸ்கெலியா வாசகருக்குப் பொறுத்திருக்கச் சொன்னதற்கு, சந்தை தொடர்ந்து திறந்திருக்கும் என்பதே காரணம். உங்களுக்கு அந்தக் கதவு மூடப் போகிறது.

விலகுவதற்குப் பங்குதாரரின் விசேட தீர்மானமும், பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனைகள் ஆணைக்குழுவின் அனுமதியும் வேண்டும். விலை குறைவென்று பட்டால் அனுமதி கிடைக்கும் முன்பே ஆணைக்குழுவுக்கு எழுத்தில் முறையிடுங்கள். கூட்டத்திலும் போய்க் கேளுங்கள், போக முடியாவிட்டால் பதிலாளை நியமியுங்கள். கூட்டம் முடிந்த பிறகு எழுதும் கடிதத்துக்கு வலு குறைவு.

விலகிய பின் பங்குதாரர் என்ற உரிமை போகாது. வருடக் கணக்கறிக்கையும் பொதுக்கூட்ட அழைப்பும் வரும். ஆனால் விற்க வேண்டுமானால் வாங்குபவரை நீங்களே தேட வேண்டும். பார்த்துச் சொல்ல விலைப்பட்டியல் இருக்காது. பங்கிலாபம் கொடுப்பதும் விடுவதும் பெரும்பான்மையாளரின் விருப்பம். பட்டியலிலுள்ள பங்கை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை என்ற சலுகையும் அதன் பிறகு கிடையாது. அழைப்பை ஏற்றுக்கொண்டவர்கள் 90 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் மிச்சத்தையும் கட்டாயமாக எடுத்துக்கொள்ள கம்பனிகள் சட்டம் வழி வைத்திருக்கிறது. நீதிமன்றம் வேறு மாதிரிச் சொன்னாலொழிய அதே விலைதான். 300 பங்குக்காக வழக்குக்குப் போனால் வக்கீல் செலவே பங்கின் பெறுமதியைத் தாண்டிவிடும்.

சுயாதீன ஆலோசகர் சொன்ன எல்லைக்குள் விலை இருந்தால், கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பாவது படிவம் போய்ச் சேரும்படி அனுப்பிவிடுங்கள்.