உதவித்தொகை நீட்டிப்பு: குடும்ப நிலையை எழுதும் விதம்

“விபத்துக்குப் பிறகு அப்பாவுக்கு வேலை இல்லை, என் மதிப்பெண்ணும் குறைந்துவிட்டது. கெஞ்சாமல் எப்படி எழுதுவது?”

வறுமையை வர்ணிக்காமல், மாறியதை மட்டும் தேதியோடு எழுதுங்கள்: ‘கடந்த ஆண்டு விண்ணப்பித்தபோது என் தந்தை பணியில் இருந்தார், ஜூன் மாத விபத்துக்குப் பின் தாயின் சம்பளம் ஒன்றே குடும்ப வருமானம்.’ இந்த வாக்கியத்துக்கு மருத்துவச் சான்றும் புதிய வருமானச் சான்றும் துணை நின்றால், கண்ணீர் வரிகள் தேவைப்படாது.

மதிப்பெண் பட்டியல் உதவித்தொகை தருபவர்கள் கையிலேயே இருப்பதால், எந்தப் பருவத்தில், எந்தப் பாடத்தில், எதனால் குறைந்தது, மறுதேர்வு எப்போது என்பதை நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். அதுதான் உங்களுக்கும் கௌரவம்.

பலர் தவறவிடுவது கோரிக்கையைத்தான். ‘உதவுங்கள்’ என்று நிறுத்திவிடாமல், குடும்பத்தால் கட்ட முடிந்த தொகை எவ்வளவு, வேண்டிய சலுகை எவ்வளவு, முடிவு வரும்வரை தவணை வசதி வேண்டுமா என்பதைத் தெளிவாகக் குறிப்பிட்டு, கடைசித் தேதிக்கு முன்பே கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள்.